முகத்தை ஒட்டும் கணக்கு

1993இல் வெளிவந்த 'ஜுராசிக் பார்க்' படத்தில் ஒரு காட்சி. ராப்டர்களிடமிருந்து தப்பிக்கக் கூரைக்குள் ஏறிய சிறுமி லெக்ஸ், கூரைப் பலகை பெயர்ந்து கீழே சரிந்து அந்தரத்தில் தொங்குவாள். தொங்கியது அந்த வேடத்தில் நடித்த ஏரியானா ரிச்சர்ட்ஸ் இல்லை, அவருக்கு டூப் போட்ட சண்டைக் கலைஞர். படம்பிடித்தபோது அவர் நிமிர்ந்து கேமராவைப் பார்த்துவிட்டதால், ஐ.எல்.எம். நிறுவனத்தின் கலைஞர்கள் அந்த முகத்தின்மேல் ரிச்சர்ட்ஸின் முகத்தைக் கணினியில் வைத்து ஒட்டினார்கள். திரையரங்கில் பார்த்தவர்களுக்கு ஒட்டு தெரியவில்லை.

அன்று தேர்ந்த கலைஞர்கள் கைவேலையாகச் செய்ததை இன்று ஒரு கல்லூரி மாணவர் மடிக்கணினியில் சில வரி நிரலால் செய்துவிடுகிறார். கண், மூக்கு, வாய் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதும், ஒரு முகத்தைத் திருப்பி, சுருக்கி, விரித்து இன்னொன்றின் மேல் பொருத்துவதும் ஓரளவு தீர்ந்துபோன வேலைகள். பொருத்திய பிறகு மிஞ்சுவது கடைசி வேலை. வைத்த முகமும் சுற்றியுள்ள நெற்றி, கன்னம், தாடையும் ஒரே தோலாகத் தெரிய வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் பெரிதும் புழங்குகின்றன. ஒன்று ஆல்ஃபா பிளெண்டிங், மற்றது பாய்சான் பிளெண்டிங். இரண்டாவதுதான் உயர்ந்தது என்று பாடப்புத்தகப் படங்களைப் பார்த்தால் தோன்றும். முகத்தைப் பொறுத்தவரை அது பாதிதான் உண்மை. ஏன் என்பதை ஆறு பிக்சல்களை வைத்தே பார்த்துவிடலாம்.

முதல் வழி: விகிதத்தில் கலப்பது

பிக்சல் என்பது படத்தின் ஒரு புள்ளி. அதன் வெளிச்சத்தை 0 முதல் 255 வரை ஓர் எண்ணால் குறிக்கிறோம். 0 கறுப்பு, 255 வெள்ளை. வண்ணப் படமென்றால் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள்.

எந்த முகத்தை எடுக்கிறோமோ அது மூலப் படம். எதன்மேல் வைக்கிறோமோ அது இலக்குப் படம். எந்தப் பகுதி வர வேண்டும் என்று காட்டும் வெள்ளை வடிவத்துக்கு மாஸ்க் என்று பெயர். ஆல்ஃபா என்பது ஒவ்வொரு பிக்சலிலும் மூலம் எத்தனை பங்கு, இலக்கு எத்தனை பங்கு என்று சொல்லும் எண். ஆல்ஃபா 1 என்றால் முழுக்க மூலம், 0 என்றால் முழுக்க இலக்கு, 0.5 என்றால் பாதிக்குப் பாதி.

```
விடை = α × மூலம் + (1 − α) × இலக்கு
```

எட் கேட்மல், ஆல்வி ரே ஸ்மித் இருவரும் 1970களின் கடைசியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் இந்த எண்ணைப் படத்தோடு சேர்த்தே வைத்துக்கொள்ளும் பழக்கத்தைக் கொண்டுவந்தார்கள். 1984இல் லூகாஸ்ஃபிலிமைச் சேர்ந்த தாமஸ் போர்ட்டரும் டாம் டஃப்பும் அதற்கு முறையான இலக்கணம் எழுதினார்கள். இன்று கைபேசியில் ஒரு படத்தின்மேல் எழுத்து மிதப்பதுகூட இந்தக் கணக்குதான்.

முகத்துக்கு இதைப் பயன்படுத்தும்போது மாஸ்க்கின் நடுவில் ஆல்ஃபாவை 1 என்று வைத்து, விளிம்பை நெருங்க நெருங்க 0க்குக் குறைப்பார்கள். விளிம்பை மங்கலாக்குவதால் இதை ஃபெதரிங் என்பார்கள். நிரலில் இரண்டே வரி:

```python
a = cv2.GaussianBlur(mask, (31, 31), 0)[..., None] / 255.0
out = a * src + (1 - a) * dst
```

இனி ஆறு பிக்சல்களுக்கு வருவோம். ஒரு கன்னத்தின் குறுக்கே வரிசையாக ஆறு புள்ளிகளை எடுத்துக்கொள்கிறேன். மூலம் நல்ல வெளிச்சத்தில் எடுத்த படம். அதில் மூன்றாவது புள்ளியில் ஒரு சிறு மச்சம் இருக்கிறது. இலக்கு சற்று மங்கலான அறையில், வலப்பக்கத்திலிருந்து விளக்கு விழும்படி எடுத்தது.

```
மூலம்     190  194  180  196  198  200
இலக்கு    130  135  142  148  155  160
ஆல்ஃபா      0  0.5    1    1  0.5    0
விடை      130  165  180  196  177  160
```

விடையைப் பாருங்கள். இரண்டு ஓரமும் இலக்கோடு சரியாகச் சேர்ந்துவிட்டன. ஆனால் 130இலிருந்து ஏறி 196 வரை போய் மறுபடி 160க்கு இறங்குகிறது. கன்னத்தின் நடுவில் ஒரு வெளிறிய திட்டு. அதன் ஓரம் மட்டும் மென்மையாக இருக்கிறது. மலிவான முகமாற்றச் செயலிகளின் படங்களில் முகம் மட்டும் தனியாக ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அது இதுதான்.

மங்கும் பட்டையை அகலமாக்கினால் திட்டு இன்னும் மென்மையாகும், ஆனால் வேறு சிக்கல் வரும். அந்தப் பட்டைக்குள் இரண்டு முகமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிகின்றன. இரண்டு பேரின் புருவமும் ஒரே இடத்தில் இருக்காது. ஒன்று கொஞ்சம் மேலே, ஒன்று கொஞ்சம் கீழே. பட்டை அங்கே விழுந்தால் வெளுத்த இரட்டைப் புருவம் தெரியும். தாடையிலும் அப்படியே இரட்டைக் கோடு விழும். பட்டை குறுகினால் தையல் தெரிகிறது, அகன்றால் ஆவி தெரிகிறது. ஆல்ஃபாவை மட்டும் நம்பியவர்கள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அல்லாடுகிறார்கள்.

இரண்டாவது வழி: வித்தியாசங்களை எடுத்து வருவது

2003இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த பேட்ரிக் பெரெஸ், மிஷெல் காங்னே, ஆண்ட்ரூ பிளேக் மூவரும் சிக்கிராஃப் மாநாட்டில் ஒரு கட்டுரை அளித்தார்கள். 'பாய்சான் இமேஜ் எடிட்டிங்' என்பது அதன் தலைப்பு. 1781 முதல் 1840 வரை வாழ்ந்த பிரெஞ்சுக் கணித அறிஞர் சிமியோன் டெனி பாய்சானின் சமன்பாட்டை அவர்கள் படத்துக்குப் பொருத்தினார்கள்.

நம் கண்ணுக்குப் பிக்சலின் எண்ணைவிடப் பக்கத்துப் பிக்சலோடு அதற்குள்ள வித்தியாசம்தான் முக்கியம் என்பது அவர்களுடைய அடிப்படை. மச்சம் மச்சமாகத் தெரிவது அது 180 என்பதால் இல்லை, பக்கத்தில் 194 இருப்பதால். ஆகவே மூலத்திலிருந்து எண்களை எடுக்க வேண்டாம், வித்தியாசங்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். விளிம்பில் மட்டும் இலக்கின் எண்களை அப்படியே கட்டாயமாக்குவோம். விளிம்பு இலக்கோடு ஒத்திருக்க வேண்டும், உள்ளே வித்தியாசங்கள் மூலத்தோடு முடிந்தவரை ஒத்திருக்க வேண்டும். இந்த இரண்டையும் நிறைவு செய்யும் எண்களைத் தேடுவதுதான் கணக்கு.

படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு அண்டை வீடுகள். அதனால் பிக்சலுக்கு ஒரு சமன்பாடு. 256க்கு 256 சதுரத்தில் அடங்கும் நீள்வட்ட முகமென்றால் ஏறக்குறைய 50,000 தெரியாத எண்கள், அதுவும் மூன்று நிறங்களுக்கும் தனித்தனியே. ஆல்ஃபாவில் ஒவ்வொரு பிக்சலும் தன் வேலையைத் தனியே முடித்துக்கொள்ளும். இங்கே எல்லாம் ஒன்றையொன்று சார்ந்திருப்பதால் மொத்தத்தையும் சேர்த்துத்தான் தீர்க்க முடியும்.

இந்தச் சமன்பாடுகளை வேறு விதமாகவும் பார்க்கலாம், அதுதான் எளிது. விளிம்பில் இலக்குக்கும் மூலத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வித்தியாசத்தை உள்ளே சீராகப் பரப்பினால் கிடைப்பதுதான் திருத்தம். சுற்றிலும் கால்களை வெவ்வேறு உயரத்தில் நட்டு, அவற்றில் இழுத்துக் கட்டிய பந்தல் துணியை நினைத்துக்கொள்ளலாம். கால்களின் உயரம் விளிம்பின் வித்தியாசம். நடுவில் துணி எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுவே அந்தப் பிக்சலுக்கான திருத்தம். மூலத்தோடு அதைக் கூட்டினால் விடை.

நம் ஆறு புள்ளிகளில் இடது ஓரத்தில் இலக்கு 130, மூலம் 190, வித்தியாசம் −60. வலது ஓரத்தில் 160, 200, வித்தியாசம் −40. இடையில் சீராகப் பரப்புகிறோம்:

```
மூலம்     190  194  180  196  198  200
திருத்தம்   −60  −56  −52  −48  −44  −40
விடை      130  138  128  148  154  160
```

வெளிறிய திட்டு போய்விட்டது. மச்சம் 128இல் அப்படியே இருக்கிறது. இன்னொரு நன்மையும் உண்டு. இலக்கில் வலப்பக்கம் வெளிச்சம் கூடியிருந்தது அல்லவா? விடையும் இடமிருந்து வலமாக 130இலிருந்து 160க்கு ஏறுகிறது. விளக்கு எந்தப் பக்கம் என்று யாரும் சொல்லாமலே முகம் அந்த அறையின் வெளிச்சத்தை ஓரளவு வாங்கிக்கொண்டது. முதல் முறை இந்த விடையைப் பார்ப்பவர்கள் ஆல்ஃபாவை இனித் தொடவே வேண்டாம் என்று முடிவு கட்டிவிடுவது இயல்புதான்.

முன்நெற்றி முடி ஒரு கற்றை

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுகிறேன். இலக்குப் படத்தில் இருப்பவரின் முடிக்கற்றை ஒன்று விளிம்பின் வலது ஓரத்தில் விழுந்திருக்கிறது. அங்கே 160 இருந்த இடத்தில் கருமுடியின் 40.

```
மூலம்     190  194  180  196  198  200
திருத்தம்   −60  −80 −100 −120 −140 −160
விடை      130  114   80   76   58   40
```

கன்னம் முழுவதும் இருண்டுவிட்டது. முடி இருந்தது ஒரு புள்ளியில்தான், அதுவும் விளிம்பில். அதன் கறுப்பு உள்ளே கசிந்து எல்லாப் புள்ளிகளையும் இழுத்துக்கொண்டுவிட்டது. இந்தக் கசிவுதான் முகமாற்றத்தில் பாய்சானின் முதல் நோய்.

ஒற்றை வரிசையில் பார்த்ததால் சேதம் சற்று மிகையாகத் தெரிகிறது. உண்மைப் படத்தில் சுற்றிலும் விளிம்பு இருப்பதால் மற்ற பக்கங்கள் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். அங்கே ஒரு பயனுள்ள கணக்கு உண்டு: விளிம்பில் தவறு எவ்வளவு நீளத்துக்கு இருக்கிறதோ, ஏறக்குறைய அந்த அளவு ஆழத்துக்குத்தான் உள்ளே கசியும். ஒரே ஒரு முடியிழை என்றால் விளிம்பை ஒட்டி ஒரு சிறு கறை, அவ்வளவுதான். நெற்றி நெடுக வெட்டிவிட்ட முன்முடி என்றால் கறுப்பு மூக்குவரை இறங்கும். முகத்தின் மையத்தில் திருத்தம் என்பது ஏறக்குறைய விளிம்பு முழுவதின் சராசரி. விளிம்பில் கால் பங்கை முடி பிடித்து அங்கே வித்தியாசம் −160 என்றும், மீதி முக்கால் பங்கில் −50 என்றும் வைத்துக்கொண்டால் சராசரி −77 அல்லது −78 வரும். மூக்கின் நுனி தேவைக்கு மேல் 27 படி இருண்டுவிடும். முடியே இல்லாத மூக்கு!

இதே இடத்தில் ஆல்ஃபா என்ன செய்யும்? வலது ஓரம் 40 ஆகும், அதற்கு உள்ளே ஒன்றுமே மாறாது. ஆல்ஃபாவில் ஒரு பிக்சலின் பிழை அந்தப் பிக்சலோடு நின்றுவிடுகிறது. பாய்சானில் விளிம்பின் பிழை ஊருக்கெல்லாம் பரவுகிறது. இரண்டு முறைகளுக்கும் இடையே நான் முக்கியமாகக் கருதும் வேறுபாடு இதுதான். பாய்சானில் விளிம்பு எசமானன், முகத்தின் ஒவ்வொரு புள்ளியும் அதற்குக் கீழ்ப்படிகிறது.

முகமாற்றத்தில் இது அடிக்கடி நேர்வதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. முக அடையாளப் புள்ளிகளைக் கண்டுபிடிக்கப் பலரும் பயன்படுத்துவது டிலிப் என்ற நூலகத்தின் 68 புள்ளி மாதிரி. அதில் 17 புள்ளிகள் தாடைக் கோட்டில், 10 புள்ளிகள் புருவங்களில். நெற்றிக்குப் புள்ளியே கிடையாது. 68 புள்ளிகளையும் சுற்றி ஒரு கோடு இழுத்து அதை மாஸ்க் ஆக்கினால், மேல் விளிம்பு சரியாகப் புருவத்தின் மேலேயே ஓடும். இலக்குமுகத்தின் கறுத்த புருவம் விளிம்பு மதிப்பாகிக் கண்ணிமைவரை இருட்டைக் கொண்டுவரும். கீழேயும் இதே கதைதான். தாடைப் புள்ளிகள் தாடையின் விளிம்பிலேயே உட்கார்ந்திருப்பதால் ஒன்றிரண்டு பிக்சல் தவறினால் பின்னால் உள்ள வெள்ளைச் சுவரோ கறுப்புச் சட்டைக் காலரோ விளிம்பாகிவிடும். வெள்ளைச் சுவர் கசிந்தால் கன்னத்தின் கீழ்ப்பகுதி பவுடர் பூசியதுபோல் வெளுக்கும்.

மருந்து மாஸ்க்கில்தான் இருக்கிறது. மேலே விளிம்பை நெற்றியின் நடுவுக்கு ஏற்ற வேண்டும், கீழே தாடைக் கோட்டிலிருந்து சில பிக்சல்கள் உள்ளே இழுக்க வேண்டும். விளிம்பு ஓடும் வழி முழுவதும் இரண்டு படங்களிலும் வெறும் தோலாக இருக்க வேண்டும். நெற்றியை முடி மறைத்திருந்தால், தாடி இருந்தால், கண்ணாடியின் சட்டம் குறுக்கே வந்தால் அப்படி ஒரு பாதையே கிடைக்காமல் போகலாம். அப்போது பாய்சானை வற்புறுத்துவதில் பயனில்லை.

மஞ்சள் பாரித்த கண்கள்

விளிம்பு சுத்தமாக இருந்தாலும் இன்னொரு சிக்கல் மிஞ்சுகிறது. அது கண்ணிலும் பல்லிலும் தெரியும்.

மூலத்தில் இருப்பவர் வெளுத்த நிறம், இலக்கில் இருப்பவர் மாநிறம் என்று வைத்துக்கொள்வோம். வெளிச்சம் இரண்டிலும் ஒன்றுதான். விளிம்பில் சிவப்பு 40, பச்சை 60, நீலம் 80 குறைய வேண்டியிருக்கிறது. மாநிறத்துக்கு வர நீலம் அதிகம் குறைய வேண்டும், அது சரிதான். தோலுக்கு இந்தத் திருத்தம் நன்றாகவே பொருந்தும். ஆனால் துணி முகம் முழுக்கப் போர்த்தியிருக்கிறதே! மூலத்தில் 225, 225, 225 என்று இருந்த விழிவெண்மை 185, 165, 145 ஆகிவிடும். மஞ்சள் காமாலை வந்தவர் கண்போல் பழுப்பு மஞ்சள். பல்லும் அப்படியே. மறுபக்கம், 20 என்றிருந்த கருமணியிலிருந்து 80ஐக் கழித்தால் எதிர்மறை எண் வரும். அதை 0 என்று வெட்டிவிட வேண்டியதுதான், அதோடு கருமணிக்குள் இருந்த நுணுக்கம் போய்விடுகிறது.

காரணம் எளிது. விளிம்பில் கண்ட வித்தியாசம் விளக்கினால் வந்ததா, தோலின் நிறத்தால் வந்ததா என்று பாய்சான் சமன்பாட்டுக்குத் தெரியாது. விளக்கின் நிறம் மாறியிருந்தால் கண்ணும் பல்லும் சேர்ந்து மாறுவது நியாயம். தோல் நிறம் மட்டும் வேறென்றால் கண் ஏன் மாற வேண்டும்? படத்தைப் பார்க்கும் மனிதருக்கு இது உடனே புரிகிறது. சமன்பாட்டுக்கு எண்கள் மட்டும்தான் கிடைக்கின்றன.

இதேபோல மூலத்தில் மூக்கின் இடப்பக்கம் நிழல் விழுந்திருந்தால் அந்த நிழலும் வித்தியாசமாகவே பதிந்திருக்கிறது, அதனால் அப்படியே வந்துவிடும். இலக்கில் நிழல் வலப்பக்கமாக இருந்தால் ஒரே முகத்தில் இரண்டு சூரியன் தெரியும். இதை ஆல்ஃபாவும் சரிசெய்யாது, பாய்சானும் சரிசெய்யாது.

வீடியோவில் நடப்பது

வீடியோ என்றால் நொடிக்கு 25 அல்லது 30 படங்கள், ஒவ்வொன்றையும் தனித்தனியே ஒட்டுகிறோம். அடையாளப் புள்ளிகள் ஒவ்வொரு படத்திலும் ஒன்றிரண்டு பிக்சல் அசையும், அதைத் தவிர்க்கவே முடியாது. ஒரு படத்தில் முடிக்கற்றை விளிம்புக்கு வெளியே இருக்கிறது, அடுத்த படத்தில் விளிம்பின்மேல் விழுகிறது. பாய்சானில் முகத்தின் வெளிச்சம் அந்த ஒரு படத்துக்குச் சட்டென்று இறங்கி, மறுபடி ஏறும். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொரு படமும் அழகாகத்தான் இருக்கும். ஓடவிட்டால் பழைய டியூப்லைட்போல முகம் மினுக்கும்.

ஓப்பன்சிவி நூலகத்தின் `seamlessClone` பயன்படுத்துபவர்களுக்குக் கூடுதலாக ஒரு வலி உண்டு.

```python
x, y, w, h = cv2.boundingRect(mask)
center = (x + w // 2, y + h // 2)
out = cv2.seamlessClone(src, dst, mask, center, cv2.NORMAL_CLONE)
```

கடைசிக்கு முந்தைய உள்ளீடு முகம் போய் உட்கார வேண்டிய இடம். பலர் அதில் மூக்கின் நுனியைக் கொடுத்துவிடுகிறார்கள். நிரலோ மாஸ்க்கைச் சுற்றி வரையும் செவ்வகத்தின் நடுவைத்தான் அந்த இடத்தில் வைக்கிறது. இரண்டும் ஒன்றில்லை என்பதால் முகம் நகர்ந்துவிடும். மாஸ்க்கின் வடிவம் படத்துக்குப் படம் மாறும்போது நகர்வும் மாறி, முகம் நடுங்கும். மேலே காட்டியபடி நடுவை மாஸ்க்கிலிருந்தே கணக்கிட்டால் இது தீரும். அதே நிரலில் `MIXED_CLONE` என்றொரு தேர்வும் இருக்கிறது. இரண்டு படங்களில் எதில் வித்தியாசம் வலுவாக இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளும். சுவரில் எழுத்தை ஒட்ட அருமையானது. முகத்துக்குப் பயன்படுத்தினால் அடியில் உள்ளவரின் புருவமும் சுருக்கமும் மேலே எட்டிப் பார்க்கும்.

இன்னொன்றையும் சோதித்துக்கொள்வது நல்லது. ஒட்டி முடித்த படத்திலிருந்து இலக்குப் படத்தைக் கழித்துப் பாருங்கள். மாஸ்க்குக்கு வெளியே எல்லாம் 0 வர வேண்டும். வரவில்லை என்றால் நிரல் சுற்றுப்புறத் தோலையும் மாற்றியிருக்கிறது என்று பொருள்.

நடுவழி

ஆல்ஃபாவின் குறை வெளிறிய திட்டுதானே? ஒட்டுவதற்கு முன்பே மூலத்தின் நிறத்தை இலக்கோடு பொருத்திவிட்டால் என்ன? எரிக் ரெய்ன்ஹார்டும் உடன் பணியாற்றியவர்களும் 2001இல் காட்டிய வழி அது. இரண்டு படங்களின் நிறத்துக்கும் சராசரி எடு, பரவல் எடு, ஒன்றை மற்றதோடு ஒத்துப்போகச் செய். நம் ஆறு புள்ளிகளில் சராசரியை மட்டும் பொருத்துவோம். மூலத்தின் சராசரி 193, இலக்கின் சராசரி 145. எல்லாவற்றிலிருந்தும் 48ஐக் கழித்துவிட்டு, முன்போலவே ஆல்ஃபா போடுவோம்.

```
திருத்திய மூலம்  142  146  132  148  150  152
ஆல்ஃபா            0  0.5    1    1  0.5    0
விடை            130  141  132  148  153  160
பாய்சான் விடை    130  138  128  148  154  160
```

இரண்டு வரிசையையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பெரிய வித்தியாசம் 4 படிதான். ஐம்பதாயிரம் சமன்பாடுகள் கொண்டுவந்ததில் பெரும்பகுதியை ஒரு கழித்தலும் ஒரு கலப்பும் கொண்டுவந்துவிட்டன.

முடிக்கற்றை விழுந்த படத்துக்கும் இதையே செய்வோம். சராசரி எடுக்கும்போது முடியை விட்டுவிட்டுத் தோல் புள்ளிகளை மட்டும், அதாவது முதல் ஐந்தை மட்டும் எடுத்தால் கழிக்க வேண்டியது ஏறக்குறைய 50. விடை 130, 140, 130, 146, 152, 40. கன்னம் கன்னமாகவே இருக்கிறது, கடைசிப் புள்ளியில் முடி முடியாக இருக்கிறது. அங்கே பாய்சான் தந்தது 114, 80, 76, 58.

இதற்கும் எல்லை உண்டு. ஒரே எண்ணை எல்லாப் புள்ளியிலிருந்தும் கழிப்பதால் பக்கவாட்டு வெளிச்சத்தின் ஏற்றம் வராது. திருத்திய மூலம் 142இலிருந்து 152 வரைதான் ஏறுகிறது, இலக்கோ 130இலிருந்து 160வரை ஏறுகிறது. அறையில் ஒரு பக்கம் சன்னல் திறந்திருக்கும் படங்களில் இந்தக் குறை கண்ணுக்குத் தெரியும். விளிம்பு முழுவதும் நல்ல தோலாக இருந்தால் அங்கே பாய்சானே மேல். கண், பல் மஞ்சளாகும் சிக்கலும் எல்லாவற்றிலும் ஒரே எண்ணைக் கழித்தால் இதிலும் வரும். தோலுக்கு மட்டும் திருத்தம் போட்டுக் கண்ணையும் வாயையும் தனி மாஸ்க்கில் விட்டுவிடலாம் என்பது இந்த வழியின் வசதி.

ஒட்டைக் கண்டுபிடிப்பவர்கள்

போலி வீடியோக்களைக் கண்டறியும் ஆய்வுக்காக மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரும் நேப்பிள்ஸ் பல்கலைக்கழகத்தினரும் 2019இல் ஃபேஸ்ஃபாரன்சிக்ஸ்++ என்ற தொகுப்பை வெளியிட்டார்கள். 1000 உண்மை வீடியோக்களை எடுத்து நான்கு முறைகளில் முகத்தை மாற்றினார்கள். அவற்றில் டீப்ஃபேக்ஸ் என்ற வகையில் முகத்தை ஒட்டியது பாய்சான் முறையில். ஃபேஸ்ஸ்வாப் என்ற வகையில் வழக்கமான கலப்பும் நிறத் திருத்தமும். இரண்டு வழிகளும் ஒரே தொகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க விரும்பும் மாணவருக்கு இதைவிட நல்ல இடம் தேட வேண்டாம்.

அடுத்த ஆண்டு மைக்ரோசாஃப்டின் ஆசிய ஆய்வகமும் பீகிங் பல்கலைக்கழகமும் சேர்ந்து ஃபேஸ் எக்ஸ்-ரே என்ற முறையைக் கொண்டுவந்தன. எந்த முறையில் ஒட்டினாலும் ஒட்டிய இடம் என்று ஒன்று இருந்தே தீரும் என்பது அவர்களின் பிடிமானம். ஒவ்வொரு படத்துக்கும் கேமராவின் இரைச்சலும் சுருக்கிச் சேமித்த தடமும் தனியாக இருக்கும். பாய்சான் நிறத்தைச் சமப்படுத்தும், ஆனால் இரைச்சலையும் வித்தியாசமாகவே எண்ணி மூலத்திலிருந்து அப்படியே கொண்டுவந்துவிடும். அதனால் விளிம்புக்கு இப்புறம் ஒரு கேமராவின் இரைச்சல், அப்புறம் இன்னொன்றின் இரைச்சல். நம் கண்ணுக்குத் தெரியாத இந்த மாற்றம் எங்கே நிகழ்கிறது என்று கோடு போட்டுக் காட்டக் கணினியைப் பழக்கினார்கள். பழக்குவதற்கு உண்மைப் படங்களையே ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டார்கள், போலி வீடியோ எதுவும் தேவைப்படவில்லை.

கருவி கையில் இல்லாதவர்களும் சிலவற்றைப் பார்க்கலாம். முகம் மட்டும் தனியே ஒளிர்ந்து, கழுத்தும் காதும் வேறு நிறமாக இருந்தால், புருவத்துக்கோ தாடைக்கோ இரட்டைக் கோடு இருந்தால் ஆல்ஃபாவைச் சந்தேகிக்கலாம். கழுத்தும் கன்னமும் ஒத்துப்போய், விழிவெண்மையும் பல்லும் தோலின் சாயலை வாங்கியிருந்தால், முடியோரம் கரும்புகைபோலக் கறை இருந்தால், தலை திரும்பும்போது முகத்தின் வெளிச்சம் துடித்தால் பாய்சானைச் சந்தேகிக்கலாம். வாட்ஸ்அப்பில் பலமுறை சுருங்கி வந்த வீடியோவில் இந்தத் தடயங்களில் பாதி அழிந்திருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் முடிவு இது. நெற்றி திறந்து, தாடி இல்லாமல், பக்கவாட்டு வெளிச்சத்தில் இருக்கும் ஒற்றைப் புகைப்படத்துக்குப் பாய்சான். வீடியோவுக்கும், முடியோ தாடியோ கண்ணாடியோ விளிம்பைத் தொடும் படத்துக்கும் முதலில் நிறப் பொருத்தம், பிறகு ஆல்ஃபா. செய்து பார்க்கப்போகும் மாணவர்கள் விடை மோசமாக வந்ததும் நிரலை மாற்றத் தொடங்க வேண்டாம். மாஸ்க்கின் விளிம்பை இரண்டு படங்களின்மேலும் ஒரு பச்சைக் கோடாக வரைந்து, அது ஓடும் வழி முழுவதும் தோல்தானா என்று முதலில் பாருங்கள்.